பர்னார்டு 68: வானத்தில் ஓட்டையா, தூசி மேகமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்மீன்களுக்கு இடையே கிடக்கும் தூசி ஒளியை எப்படி மங்கவைக்கிறது, ஏன் சிவக்கவைக்கிறது என்பதை ஒரே ஒரு சிறு மேகத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். விருச்சிக விண்மீன்களுக்குச் சற்று வடகிழக்கே, ஒஃபியூக்கஸ் மண்டலத்தில் இருக்கும் பர்னார்டு 68 என்ற மேகம் அது. கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை அதையே சுற்றி வருகின்றன.

பர்னார்டு 68 படத்தின் நடுவில் ஒரு விண்மீன்கூட இல்லையே. அது ஓட்டை இல்லையா?

இல்லை. அங்கே ஏதோ இல்லாததால் இருட்டு வரவில்லை. ஏதோ இருப்பதால் வந்திருக்கிறது. நமக்குச் சுமார் 400 ஒளியாண்டு தொலைவில் வாயுவும் தூசியும் கலந்த ஒரு மேகம் நிற்கிறது. அதற்குப் பின்னால் பால்வீதியின் விண்மீன்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் ஒளியை மேகத்திலுள்ள தூசி வழியிலேயே நிறுத்திவிடுகிறது.

மேகத்தின் நடுவில் ஒரு விண்மீன்கூடத் தெரியாதது இன்னொரு செய்தியையும் சொல்கிறது. மேகம் வெகு தொலைவில் இருந்தால் நமக்கும் அதற்கும் நடுவே சில விண்மீன்களாவது இருந்திருக்கும். அவை கரும்பரப்பின் மேல் பொட்டு வைத்ததுபோலத் தெரிந்திருக்கும். அப்படி ஒன்றும் இல்லாததால் மேகம் நமக்கு அருகில்தான் இருக்கிறது என்று முடிவுகட்டலாம்.

ஓட்டை என்ற கருத்துக்கு எதிராக எளிமையான வடிவியல் வாதம் ஒன்றும் உண்டு. பால்வீதியின் விண்மீன்கள் ஆயிரக்கணக்கான ஒளியாண்டு ஆழத்துக்குப் பரவிக் கிடக்கின்றன. அவற்றின் ஊடாக ஓர் இருண்ட ஓட்டை தெரியவேண்டுமென்றால், அந்த ஆழம் முழுவதையும் துளைத்துச் செல்லும் நீண்ட குழாய்போன்ற வெற்றிடம் தேவை. அந்தக் குழாயின் வாய் சரியாகப் பூமியைப் பார்த்து இருக்கவும் வேண்டும். ஒன்று அப்படி அமைந்தால் தற்செயல் எனலாம். வானத்தில் இதுபோன்ற கரும்பரப்புகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அத்தனை குழாய்களும் நம்மை நோக்கியே திரும்பியிருக்க ஒரு காரணமும் இல்லை.

“பிரபஞ்சத்திலேயே பெரிய வெற்றிடம், குறுக்கே போக 33 கோடி வருடம் ஆகும்” என்று இதே படம் வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

அந்தச் செய்தியில் சொல்லப்படும் வெற்றிடம் உண்மையில் உண்டு. படம்தான் அதனுடையது அல்ல. பூட்டிஸ் வெற்றிடம் என்று பெயர் பெற்ற அந்தப் பகுதியை 1981-இல் ராபர்ட் கிர்ஷ்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் அறிவித்தார்கள். அது ஏறத்தாழ 33 கோடி ஒளியாண்டு அகலமுள்ள, பால்வீதி போன்ற விண்மீன் திரள்கள் மிக அரிதாக இருக்கும் இடம். அதைப் படம் பிடித்தால் கறுப்பாகத் தெரியாது. நமக்கும் அதற்கும் இடையில் நம் பால்வீதியின் விண்மீன்களும், முன்னும் பின்னும் வேறு திரள்களும் உள்ளன. ஒவ்வொரு திரளின் தொலைவையும் அளந்து முப்பரிமாண வரைபடம் போட்ட பிறகே அங்கே காலியிடம் இருப்பது தெரிந்தது.

பர்னார்டு 68-இன் குறுக்களவு அரை ஒளியாண்டுக்கும் குறைவு. இரண்டையும் ஒன்றாக்கிப் பரப்புவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. இரண்டுமே அருமையான விஷயங்கள். ஒன்றின் படத்தை மற்றதற்கு ஒட்டியதால் படிப்பவருக்கு இரண்டுமே தவறிப்போகின்றன.

பழைய வானியலாளர்களே இவற்றை ஓட்டை என்றுதான் நம்பினார்களாமே?

ஆமாம், அதற்கு அவர்களிடம் நியாயமும் இருந்தது. வில்லியம் ஹெர்ஷல் விருச்சிகத்தின் உடல் பகுதியைத் தொலைநோக்கியால் துழாவிக்கொண்டிருந்தபோது, விண்மீன்கள் நிறைந்த வயலில் திடீரென ஒன்றுமே இல்லாத இடத்துக்கு வந்தார். “இங்கே உண்மையிலேயே வானத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது” என்று அவர் ஜெர்மன் மொழியில் வியந்து சொன்னதை, உடனிருந்து குறிப்பெடுத்த தங்கை கரோலின் பல ஆண்டுகள் கழித்து நினைவுகூர்ந்தார். 1785-இல் வெளியான கட்டுரையில் ஹெர்ஷல் அதற்கு விளக்கமும் தந்தார். அந்தக் காலியிடத்தின் ஓரத்தில் மெஸ்ஸியே 80 என்ற அடர்ந்த விண்மீன் கொத்து இருக்கிறது. ஈர்ப்பு விசையால் அங்கிருந்த விண்மீன்கள் எல்லாம் அந்தக் கொத்துக்குள் இழுக்கப்பட்டிருக்கலாம், அதனால் இடம் காலியாகியிருக்கலாம் என்று நினைத்தார். தூசி என்ற எண்ணமே இல்லாத காலத்தில் அது நல்ல ஊகம்தான்.

நூறாண்டுக்குப் பிறகு அமெரிக்காவில் எட்வர்டு எமர்சன் பர்னார்டு பால்வீதியை நீண்டநேரம் ஒளிப்படத் தகடுகளில் பதிவு செய்தார். அவரும் முதலில் ஓட்டை என்றே எண்ணினார். ஆனால் தகடுகளைப் பார்க்கப் பார்க்க, சில கரும்பரப்புகளுக்கு மெல்லிய ஓரங்கள் இருப்பதும், அருகிலிருந்த ஒளிரும் முகில்களோடு அவை தொடர்ந்து போவதும் அவருக்குப் பட்டது. ஒளிராத பொருள் ஒன்று முன்னால் நிற்கிறது என்ற முடிவுக்கு அவர் மிக மெதுவாக வந்தார். 1919-இல் 182 கரும்பொருள்களின் பட்டியலை வெளியிட்டார். அதில் 68-ஆவதுதான் நம் மேகம்.

தூசி என்றால் வீட்டில் படியும் தூசியா? விண்மீனையே மறைக்கும் அளவுக்கு அடர்த்தியாக இருக்குமா?

வீட்டுத் தூசியைவிட மிகச் சிறியது. ஒளியை மறைப்பதில் பெரும்பங்கு வகிக்கும் துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 மைக்ரான் அளவில் இருக்கும். சிகரெட் புகையின் துகளோடு ஒப்பிடலாம். பாறைகளில் இருப்பதுபோன்ற சிலிக்கேட்டும் கரிமமும் இவற்றின் முக்கியப் பொருள்கள். குளிர்ந்த மேகத்துக்குள் இவற்றின் மேல் பனிக்கட்டி படலமும் படியும்.

அடர்த்தி என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். பால்வீதியின் தளத்தில், மேகம் இல்லாத சாதாரண இடத்தில், நீளம் அகலம் உயரம் மூன்றும் 100 மீட்டர் உள்ள ஒரு பெட்டியைக் கற்பனை செய்யுங்கள். அதற்குள் இப்படிப்பட்ட துகள் ஏறத்தாழ ஒன்றுதான் இருக்கும். அந்த ஒரு துகளால் என்ன மறையும் என்று தோன்றும். ஆனால் விண்மீனின் ஒளி நம்மை அடைய இப்படிப்பட்ட பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கவேண்டும். 3,260 ஒளியாண்டு தொலைவுக்குள் அவை 3-க்குப் பின் 17 சுழியம் போட்ட எண்ணிக்கையில் வரும். ஒவ்வொரு பெட்டியும் ஒளியில் துளியிலும் துளியைத்தான் கவரும். கூட்டிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். பர்னார்டு 68 போன்ற மேகத்துக்குள் துகள்கள் இதைவிட ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு நெருக்கமாக இருப்பதால், அரை ஒளியாண்டுக்கும் குறைந்த தொலைவே முழு இருட்டுக்குப் போதுமானதாக இருக்கிறது.

மங்குவது சரி. ஏன் சிவக்கவேண்டும்?

ஒளியின் அலைநீளத்தோடு துகளின் அளவு எப்படிப் பொருந்துகிறது என்பதுதான் காரணம். நீல ஒளியின் அலைநீளம் சுமார் 0.44 மைக்ரான், சிவப்பு 0.65-ஐ ஒட்டி இருக்கும். 0.1 மைக்ரான் அளவுள்ள துகள் குட்டை அலைகளை எளிதில் தடுக்கும். அலை நீளமாக ஆக, துகள் அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லாமல் போகும். ஒளியின் ஒரு பகுதியைத் துகள் உட்கவர்கிறது, இன்னொரு பகுதியை வேறு திசைகளில் சிதறடிக்கிறது. இரண்டாலும் நீலம்தான் அதிகமாக இழக்கப்படுகிறது. நம்மிடம் வந்து சேரும் மிச்சத்தில் சிவப்பின் பங்கு கூடுகிறது.

தூசி எந்தச் சிவப்பையும் புதிதாகச் சேர்ப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். சிவப்பும் மங்குகிறது. நீலம் அதைவிட அதிகமாக மங்குகிறது, அவ்வளவுதான்.

மாலைச் சூரியனை இதற்கு உவமையாகச் சொல்வார்கள். பாதி சரி. காற்றின் மூலக்கூறுகள் ஒளி அலையைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சிறியவை என்பதால், அங்கே நீலத்துக்கும் சிவப்புக்கும் உள்ள வேறுபாடு மிகக் கடுமையாக இருக்கும். அலைநீளம் இரட்டித்தால் சிதறல் பதினாறில் ஒன்றாகிவிடும். விண்தூசியில் அப்படியில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் எல்லைக்குள், அலைநீளம் இரட்டித்தால் மறைப்பு ஏறத்தாழ பாதியாகிறது. இந்த மென்மையான சரிவை வைத்துத்தான் துகள்கள் மூலக்கூறு அளவும் இல்லை, மணல் அளவும் இல்லை, இடைப்பட்டவை என்று தெரிந்துகொண்டார்கள்.

மூடுபனியில் தெருவிளக்கு மங்குகிறது, ஆனால் சிவப்பதில்லையே?

பனித்துளியின் அளவு பத்து மைக்ரான் அளவில் இருப்பதால் அப்படி. ஒளி அலையைவிட அது இருபது மடங்கு பெரியது. அவ்வளவு பெரிய தடைக்கு நீலமும் சிவப்பும் ஒன்றுதான். எல்லா நிறத்தையும் சமமாக மறைக்கும். விண்மீன்களிடையே உள்ள துகள்கள் அந்த அளவுக்குப் பெரியவையாக இருந்திருந்தால், விண்மீன்கள் நிறம் மாறாமல் மங்கியிருக்கும். தூசி இருப்பதைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகியிருக்கும்.

இதுவும் செம்பெயர்ச்சியும் ஒன்றா?

இல்லை. செம்பெயர்ச்சி நம்மைவிட்டு விலகிச் செல்லும் பொருள்களின் ஒளியில் தெரிவது. அதில், ஒளியை நிறங்களாகப் பிரித்தால் கிடைக்கும் நிறமாலையின் கோடுகள் எல்லாம் இடம்பெயர்ந்து நீண்ட அலைநீளத்துக்குப் போகும். தூசியால் சிவக்கும்போது கோடுகள் இருந்த இடத்திலேயே இருக்கும். நீலப் பக்கத்தின் வெளிச்சம் மட்டும் குறைந்திருக்கும்.

ஒரு விண்மீன் பிறவியிலேயே சிவப்பா, தூசியால் சிவந்ததா என்று எப்படிச் சொல்வது?

நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். நிறமாலைக் கோடுகளைப் பார்க்கவேண்டும். கோடுகள் விண்மீனின் மேற்பரப்பு வெப்பத்தைக் காட்டிக்கொடுப்பவை. தூசியால் அவற்றை மாற்றமுடியாது. கோடுகள் “நான் மிகச் சூடான நீல விண்மீன்” என்று சொல்லும்போது நிறம் வெண்மையாகவோ மஞ்சளாகவோ இருந்தால், நடுவில் தூசி இருக்கிறது என்று பொருள்.

பர்னார்டு 68 இருக்கும் அதே ஒஃபியூக்கஸ் மண்டலத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் சீட்டா ஒஃபியூக்கி இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. வானியலாளர்கள் நிறத்தை எண்ணாகக் குறிப்பார்கள். நீல வடிகட்டியில் அளந்த பொலிவெண்ணிலிருந்து (B) மஞ்சள்-பச்சை வடிகட்டியில் அளந்ததைக் (V) கழிப்பார்கள். பொலிவெண் கூடினால் ஒளி குறைவு என்று பொருள் என்பதால், இந்த B − V எண் கூடக்கூட விண்மீன் சிவப்பு. சீட்டா ஒஃபியூக்கியின் கோடுகளைப் பார்த்தால் அது சூரியனைவிடப் பல மடங்கு வெப்பமான வகை. அந்த வகைக்கு B − V இயல்பாக −0.30 இருக்கவேண்டும். அளந்தால் +0.02 வருகிறது. வித்தியாசம் 0.32. இதைத்தான் நிற மிகை என்கிறார்கள்.

பால்வீதியின் சாதாரணத் தூசிக்கு, நிற மிகையை 3.1-ஆல் பெருக்கினால் மொத்த மங்கல் கிடைக்கும்:

A_V = 3.1 × E(B − V) = 3.1 × 0.32 ≈ 1.0

ஒரு பொலிவெண் மங்கல் என்றால் ஒளி இரண்டரை மடங்கு குறைந்திருக்கிறது. இப்போது 2.6-ஆம் பொலிவெண்ணில் தெரியும் அந்த விண்மீன், தூசி இல்லாவிட்டால் 1.6-இல் தெரியும். அதாவது நம் மூல நட்சத்திரத்தின் அளவுக்கு ஒளிரும். விருச்சிகத்தின் வாலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஒப்பீடு நினைவுக்கு வரும். மூலம் அங்கே பளிச்சென்று நிற்க, அதற்கு இணையான ஒன்று வடக்கே தூசித் திரைக்குப் பின்னால் அடக்கமாகத் தெரிகிறது.

இந்தத் தூசியைக் கணக்கில் எடுக்காவிட்டால் என்ன கெட்டுப்போகும்?

முதலில் கெட்டுப்போவது தொலைவு. ஒளி குறைந்திருந்தால் விண்மீன் தூரத்தில் இருக்கிறது என்று நினைப்போம். ஒரே ஒரு பொலிவெண் மங்கலைக் கவனிக்கத் தவறினால், 400 ஒளியாண்டில் இருப்பதை 630 ஒளியாண்டில் இருப்பதாகக் கணக்கிடுவோம்.

இந்தப் பிழைதான் தூசியையே கண்டுபிடிக்க உதவியது. 1930-இல் லிக் வானாய்வகத்தில் ராபர்ட் டிரம்ப்ளர் சுமார் நூறு திறந்த விண்மீன் கொத்துகளை ஆராய்ந்தார். ஒவ்வொன்றின் தொலைவையும் அதன் விண்மீன்களின் ஒளியை வைத்துக் கணித்தார். பிறகு அந்தத் தொலைவையும் வானில் தெரியும் அளவையும் சேர்த்து, கொத்தின் உண்மையான குறுக்களவைக் கணக்கிட்டார். ஒரே மாதிரியான கொத்துகள் ஒரே அளவில் இருக்கவேண்டும் அல்லவா? ஆனால் தொலைவில் இருந்தவை எல்லாம் பெரிதாகவும் அருகில் இருந்தவை சிறிதாகவும் வந்தன. எந்தத் திசையில் பார்த்தாலும் அப்படியே.

நம்மிடமிருந்து விலக விலகக் கொத்துகள் பெருத்துக்கொண்டே போவதாக இயற்கை ஏற்பாடு செய்திருக்க முடியாது. ஆகவே தொலைவுகள்தான் தவறு. ஒளி வழியில் குறைவதால் தொலைவு கூடித் தெரிகிறது. எவ்வளவு குறைகிறது என்று வைத்துக்கொண்டால் கொத்துகள் சம அளவாகும் என்று அவர் பார்த்தார். அக்கால ஒளிப்படத் தகடுகளின் நீல ஒளியில் 3,260 ஒளியாண்டுக்குச் சுமார் 0.7 பொலிவெண் என்று வந்தது. இன்று பால்வீதித் தளத்துக்குச் சொல்லப்படும் சராசரி இதைவிட அதிகம். ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் கருமுகில்களில் மட்டுமல்ல, அவற்றுக்கு வெளியேயும் தூசி மெல்லியதாகப் பரவியிருக்கிறது என்பது அன்றுதான் உறுதியானது. சூரியன் பால்வீதியின் மையத்துக்கு அருகில் இருக்கிறது என்று அதற்கு முன் வந்த கணக்குகளுக்கும் இதுவே காரணம்: தூசி எல்லாத் திசையிலும் நம் பார்வையை ஏறக்குறைய ஒரே தொலைவில் மறித்தது.

பர்னார்டு 68-க்குப் பின்னால் விண்மீன்கள் இருப்பதை யாராவது நேரில் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். அகச்சிவப்பு ஒளியில். ஜோவோ அல்வேஸ், சார்லஸ் லாடா, எலிசபெத் லாடா ஆகிய மூவரும் சிலியில் உள்ள ஐரோப்பியத் தொலைநோக்கிகளைப் பயன்படுத்திச் செய்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. சாதாரண ஒளியில் கரியாக இருந்த மேகத்தின் ஊடாக, 2.2 மைக்ரான் அலைநீளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய விண்மீன்கள் வெளிப்பட்டன.

இது ஏன் முடிகிறது? 2.2 மைக்ரான் ஒளியில் தூசியின் மறைப்பு, மஞ்சள்-பச்சை ஒளியில் உள்ளதில் ஒன்பதில் ஒரு பங்குதான். மேகத்தின் நடுவில் மஞ்சள்-பச்சை ஒளியின் மங்கல் 30 பொலிவெண்ணையும் தாண்டுகிறது. 30 என்று வைத்தால்கூட, ஒரு லட்சம் கோடி ஒளித்துகள்களில் ஒன்றே ஒன்று தப்பி வரும். அதே இடத்தில் 2.2 மைக்ரானில் மங்கல் சுமார் 3.3 பொலிவெண். இருபதில் ஒன்று வந்துவிடும். நல்ல தொலைநோக்கிக்கு அது போதும்.

அவர்கள் பார்த்ததோடு நிற்கவில்லை, ஒவ்வொரு விண்மீனையும் அளவுகோலாக மாற்றினார்கள். அதன் வழிமுறையை ஒரு மாதிரி விண்மீனை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் மேகத்துக்குப் பக்கத்தில், தூசி இல்லாத வான்பகுதியை எடுத்து அங்குள்ள விண்மீன்களின் சராசரி அகச்சிவப்பு நிறத்தை அளக்கிறார்கள். 1.65 மைக்ரான் பொலிவெண்ணிலிருந்து 2.2 மைக்ரான் பொலிவெண்ணைக் கழித்தால் அங்கே சராசரியாக 0.12 வருகிறது. அகச்சிவப்பில் பெரும்பாலான விண்மீன்களின் நிறம் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருப்பதால் இந்தச் சராசரியை நம்பலாம். இப்போது மேகத்தின் ஊடாகத் தெரியும் ஒரு விண்மீனின் நிறம் 1.40 என்று வைத்துக்கொள்வோம். மிகை 1.28. இந்த இரு அலைநீளங்களுக்கும் பெருக்கு எண் ஏறத்தாழ 16. ஆக அந்த விண்மீன் இருக்கும் திசையில் மங்கல் 20 பொலிவெண்ணுக்குச் சற்று மேல். கண்ணுக்குத் தெரியும் ஒளி பத்துக் கோடியில் ஒரு பங்காகிவிட்டது.

இப்படி ஒவ்வொரு விண்மீனும், தான் நிற்கும் இடத்தில் மேகம் எவ்வளவு தடிமன் என்று சொல்லிவிடுகிறது. ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சேர்த்தால் மேகத்தின் உள்ளமைப்பு முழுவதும் கிடைக்கிறது. தூசியைப்போல் நூறு மடங்கு எடை வாயுவாக இருக்கும் என்பதால், மொத்த எடையும் தெரிகிறது: சுமார் இரண்டு சூரியன். ஓரத்திலிருந்து மையத்துக்கு அடர்த்தி கூடும் விதம், உள்நோக்கி இழுக்கும் ஈர்ப்பும் வெளிநோக்கித் தள்ளும் வாயு அழுத்தமும் சமமாக இருந்தால் எப்படி வருமோ அப்படியே வந்தது. அதுவும் கவிழும் விளிம்பில் இருக்கும் சமநிலை. ஒரு விண்மீன் பிறப்பதற்கு முந்தைய நிலையை, அதன் பின்னால் இருக்கும் தொடர்பே இல்லாத விண்மீன்களின் சிவப்பை வைத்துப் படித்துவிட்டார்கள் என்பது என்னை இன்றும் சிலிர்க்கவைக்கிறது.

அந்தப் படங்களில் மேகத்தின் ஊடாகத் தெரியும் விண்மீன்கள் ரத்தச் சிவப்பாக இருக்கின்றனவே, அது நிஜ நிறமா?

கண்ணுக்குத் தெரியும் நிறம் அல்ல. மூன்று வடிகட்டிகளில் எடுத்த படங்களுக்கு நீலம், பச்சை, சிவப்பு என்று நிறம் கொடுத்து ஒன்றாக்குவார்கள். 2.2 மைக்ரானுக்குச் சிவப்பு ஒதுக்கப்பட்டிருக்கும். நடுவில் இருக்கும் விண்மீன் மற்ற இரண்டு படங்களிலும் பதிவாகாததால் சிவப்பு மட்டுமே மிஞ்சுகிறது. நிறம் செயற்கை, ஓரத்திலிருந்து உள்ளே போகப்போகச் சிவப்பு ஏறுவது உண்மை.

3.1, 16 என்று பெருக்குகிறீர்களே, அந்த எண்கள் எங்கும் பொருந்துமா?

பொருந்தாது. 3.1 என்பது மேகங்களுக்கு வெளியே உள்ள மெல்லிய தூசியின் சராசரி. அடர்ந்த மேகங்களுக்குள் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டியும் பனி படிந்தும் பெருக்கின்றன. பெரிய துகள் நிறங்களுக்கிடையே குறைவாகவே பாகுபாடு காட்டும் (மூடுபனியை நினைத்துக்கொள்ளுங்கள்). அதனால் அதே மங்கலுக்குச் சிவப்பு குறைவாகத் தெரியும்; பெருக்கு எண் 5 வரைகூடப் போகும். 3.1 என்றே வைத்துக் கணக்குப் போட்டால் தூசியைக் குறைத்து மதிப்பிடுவோம். அகச்சிவப்பில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. இருண்ட மேகங்களை அங்கே அளக்க விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு பிழை, கிடைக்காத விண்மீன்களால் வருவது. மிகத் தடித்த இடத்துக்குப் பின்னால் இருப்பவை அகச்சிவப்பிலும் பதிவாகாமல் போகலாம். பதிவானவை எல்லாம் சற்று மெல்லிய வழிகளில் வந்தவையாக இருக்கும். அவற்றை மட்டும் சராசரி எடுத்தால் மையம் உண்மையைவிட மெல்லியதாகத் தோன்றும். மேகத்துக்கு முன்னால் நிற்கும் விண்மீன் ஒன்று தவறிச் சேர்ந்துவிட்டாலும் இதே விளைவுதான். பர்னார்டு 68 நமக்கு மிக அருகில் இருப்பதால் அந்தத் தொல்லை அங்கே இல்லை.

இவ்வளவு ஒளியை விழுங்கினால் மேகம் சூடாகிவிடாதா?

விழுங்கும் ஒளி மிகவும் மெலிதானது. அதனால் கிடைக்கும் வெப்பத்தைத் துகள்கள் நீண்ட அலைநீளமுள்ள தொலை அகச்சிவப்பாக வெளியே விட்டுவிடுகின்றன. மேகத்தின் வெளிப்புறத் தூசி 17 கெல்வினுக்கு அருகில் இருக்கிறது. மையத்துக்கு விண்மீன் ஒளியே போய்ச் சேராததால், அங்கே 8 கெல்வின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. செல்சியஸில் சொன்னால் மைனஸ் 265.

இந்தக் குளிரால் ஒரு விசித்திரம் நடக்கிறது. மேகத்தின் வாயுவைக் கார்பன் மோனாக்சைடின் ரேடியோ அலைகளால் வரைபடமாக்குவது வழக்கம். பர்னார்டு 68-இல் அப்படிச் செய்தால், வாயு மிக நெருக்கமாக இருக்கவேண்டிய மையத்தில் குறைவாகத் தெரிகிறது. அங்கே கார்பன் மோனாக்சைடு தூசித் துகள்களின் மேல் உறைந்து ஒட்டிக்கொண்டதால் அதன் குரல் கேட்கவில்லை. தூசியின் மறைப்பை அளந்து வைத்திருந்ததால்தான் இது பொய்யான காலியிடம் என்று தெரிந்தது.

இதையெல்லாம் நம் ஊரிலிருந்து வெறுங்கண்ணால் பார்க்கமுடியுமா?

பர்னார்டு 68 முடியாது. முழுநிலவின் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் அதன் பக்கத்திலேயே சுங்கான் வடிவில் பைப் நெபுலா என்ற பெரிய கருமுகில் கூட்டம் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, நிலவில்லாத இரவில், நகர வெளிச்சம் எட்டாத இடத்தில், கேட்டைக்குக் கிழக்கே பால்வீதியில் தேடுங்கள். பால்வீதியை நீளவாக்கில் இரண்டாகக் கிழிக்கும் கரும்பட்டையும் அப்போது தெரியும். அதுவும் தூசிதான்.

ஏப்ரல், மே இரவுகளில் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் தென்சிலுவைக்கு ஒட்டினாற்போல் கரிமூட்டை என்ற கருமுகிலைக் காணலாம். அடிவானம் தெளிவாக இருக்கவேண்டும், கடற்கரை நல்லது. ஆஸ்திரேலியத் தொல்குடிகள் இதை ஒரு பெரிய ஈமு பறவையின் தலையாகப் பார்க்கிறார்கள். அந்தப் பறவையின் கழுத்தும் உடலும் பால்வீதியின் மற்றக் கருமுகில்கள். விண்மீன்களைக் கோடுபோட்டு இணைக்காமல் இருட்டையே உருவமாகக் கண்டவர்கள் அவர்கள்.

அப்படியானால் வானத்தில் உண்மையான ஓட்டையே கிடையாதா?

ஒன்று உண்டு. அதையும் நெடுங்காலம் தூசி என்றே நினைத்திருந்தார்கள். ஓரியன் மண்டலத்தில் என்ஜிசி 1999 என்ற சிறு முகில் இருக்கிறது. உள்ளே இருக்கும் இளம் விண்மீனின் ஒளியைச் சிதறடித்து அது வெண்மையாக ஒளிர்கிறது. அதன் நடுவில் சாவித்துளைபோல ஒரு கரும்பொட்டு. பர்னார்டு 68-ஐப்போல இதுவும் அடர்ந்த கருமுகில்தான் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

தூசியாக இருந்தால் அது தொலை அகச்சிவப்பில் ஒளிரவேண்டும், மேலே சொன்ன அதே காரணத்தால். ஹெர்ஷலின் பெயரையே தாங்கிய விண்வெளித் தொலைநோக்கி அங்கே திரும்பியபோது, சுற்றியிருந்த முகில் ஒளிர்ந்தது, பொட்டு இருட்டாகவே இருந்தது. தூசி ஒளிரமுடியாத அளவுக்குக் குளிர்ந்திருக்குமோ என்ற சந்தேகத்தில், இன்னும் நீண்ட அலைநீளங்களில் தரையிலிருந்து தேடினார்கள்; அங்கும் ஒன்றும் இல்லை. பின்னால் இருக்கும் விண்மீன்களின் சிவப்பையும் பார்த்தார்கள். பொட்டின் திசையில் மறைப்பு கூடவில்லை. 2010-இல் வெளியான முடிவு: இளம் விண்மீன்களிலிருந்து பீய்ச்சியடித்த வாயு முகிலைக் குடைந்து காலியாக்கியிருக்கக்கூடும், நாம் பார்ப்பது அந்தக் குடைவின் ஊடாக வெறும் வானத்தை. அந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு, கரோலின் நினைவுகூர்ந்த அதே ஜெர்மன் வாக்கியத்தோடு தொடங்குகிறது.